கடன் வரம்பைக் குறைக்கும் கடிதம்

ஒரு டீலருக்கு எத்தனை ரூபாய் வரை சரக்கைக் கடனாக அனுப்பலாம் என்று கம்பெனி வைத்திருக்கும் உச்சத் தொகைதான் கடன் வரம்பு. பதினைந்து லட்சம் வரம்பு, நாற்பத்தைந்து நாள் தவணை என்றால், டீலர் இன்னும் பணம் கட்டாத பில்களின் கூட்டுத்தொகை எந்த நாளிலும் பதினைந்து லட்சத்தைத் தாண்டக்கூடாது; ஒவ்வொரு பில்லுக்கும் நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் பில்லிங் சாப்ட்வேர் அடுத்த பில்லைப் போட விடாது. கம்பெனிக்கு இது ஒரு பாதுகாப்பு வேலி. டீலருக்கோ அது முதலின் ஒரு பகுதி. வரம்பு ஐந்து லட்சம் குறைந்தால், அந்த ஐந்து லட்சத்தை அவர் வங்கி ஓவர்டிராஃப்டிலிருந்தோ சொந்தக் கையிலிருந்தோ கொண்டுவர வேண்டும்.

பண நெருக்கடி ஒரு பக்கம் இருக்க, வரம்பைக் குறைப்பதற்குக் கடைத்தெருவில் வேறொரு அர்த்தமும் உண்டு. இந்தக் கம்பெனியே இவருக்குக் கடன் கொடுக்க யோசிக்கிறது என்ற பேச்சு கிளம்பினால், மற்றக் கம்பெனிகளின் விற்பனை அதிகாரிகளும் கையை இறுக்குவார்கள். அதனால் இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் டீலர் இரண்டு முறை படிக்கிறார். எழுதுகிற கணக்குப் பிரிவோ பெரும்பாலும் அதை அச்சடித்த படிவத்தில் பெயரை மாற்றி அனுப்பிவிடுகிறது.

இந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதுவது எப்படி என்று பார்க்க, ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கோவையில் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் ஒரு கம்பெனி. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அதன் டீலர், பத்தொன்பது ஆண்டுகளாக வாங்குகிறார். விவசாயிகளும் போர்வெல் காண்டிராக்டர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர்களில் பலர் அறுவடை முடிந்த பிறகுதான் பாக்கியைக் கொடுப்பார்கள். ஆகஸ்ட் 31 நிலவரப்படி அவர் கணக்கில் நிற்கும் தொகை ரூ.13,80,000. அதில் நாற்பத்தைந்து நாளைத் தாண்டிய பில்கள் மட்டும் ரூ.5,20,000. கம்பெனி வரம்பைப் பதினைந்து லட்சத்திலிருந்து பத்து லட்சமாகக் குறைக்க முடிவு செய்கிறது. கணக்குப் பிரிவு தயாரித்த முதல் கடிதம் இப்படி இருக்கிறது:

“அன்புடையீர், தங்கள் கணக்கை மறுஆய்வு செய்ததில், தங்களின் பணம் செலுத்தும் ஒழுங்கு திருப்திகரமாக இல்லை என்பது தெரியவருகிறது. தாங்கள் அளித்த காசோலைகளும் திரும்பியுள்ளன. பலமுறை நினைவூட்டியும் நிலுவைகள் தொடர்வதால், நிர்வாகம் தங்கள் கடன் வரம்பை உடனடியாக ரூ.10 லட்சமாகக் குறைக்க முடிவு செய்துள்ளது. அதிகப்படியான தொகையை உடனே செலுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் திட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பத்தொன்பது ஆண்டு வியாபாரம் செய்தவருக்கு இது சுடும். காரணம், இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் அவர் தன் லெட்ஜரை விரித்துச் சரிபார்க்க முடியாது. ‘ஒழுங்கு திருப்திகரமாக இல்லை’ என்பது எந்தப் பில், எத்தனை நாள்? ‘பலமுறை’ என்றால் எத்தனை முறை, யார் சொன்னது? ‘அதிகப்படியான தொகை’ எவ்வளவு? கணக்கில் தேட முடியாத ஒரு குறையை ஒருவர் மீது சொல்லும்போது, அது அவர் பில்களைப் பற்றியதாக இல்லாமல் அவரைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. கடிதம் தெளிவில்லாமல் இருப்பதும் அவமதிப்பாகப் படுவதும் இங்கே ஒரே குறையிலிருந்து வருகின்றன. டீலர் தன் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய காரணமாக ஒவ்வொன்றையும் மாற்றினாலே, இரண்டும் சேர்ந்து தீரும்.

அப்படி மாற்ற உட்காரும்போது, முதல் வேலை பேனாவில் இல்லை, கம்பெனியின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. ரூ.5,20,000 தவணை கடந்ததாகக் காட்டும் பட்டியலை ஒவ்வொரு பில்லாகப் பார்க்க வேண்டும். உதாரணக் கணக்கில், வாரண்டிக் காலத்தில் எரிந்துபோன சில மோட்டார்களை டீலர் மே மாதமே சர்வீஸ் சென்டருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்கு ரூ.64,000-க்குக் கிரெடிட் நோட் போட வேண்டிய கம்பெனி இன்னும் போடவில்லை. டீலர் கணக்கில் அது கம்பெனி தரவேண்டிய பணம். கம்பெனி கணக்கில் அது அவர் கட்டாத பாக்கி. இந்த நிலையில் கடிதம் போனால், டீலர் அந்த ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார். மற்ற நான்கரை லட்சத்தைப் பற்றிய பேச்சே எழாது. இதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கும். டீலர்களோடு வரும் பாக்கித் தகராறுகளில் கணிசமானவை இப்படிப் போடாமல் விட்ட கிரெடிட் நோட், தராத ஸ்கீம் தள்ளுபடி, உடைந்து வந்த சரக்கு ஆகியவற்றில்தான் போய் நிற்கும்.

ஆகவே கிரெடிட் நோட் முதலில், கடிதம் பிறகு. அதைப் போட்டபின் நிற்கும் தொகை ரூ.13,16,000, தவணை கடந்தது ரூ.4,56,000. ஆகஸ்ட் 31-லிருந்து நாற்பத்தைந்து நாள் பின்னால் போனால் ஜூலை 17 வரும். அதற்கு முந்தைய தேதியிட்ட பில்கள்தான் தவணை கடந்தவை. அவற்றில் மிகப் பழையது ஜூன் 6-ஆம் தேதியுடையது, 86 நாள் ஆகியிருக்கிறது. இப்போது கடிதத்தில் எழுத எண்கள் இருக்கின்றன. டீலரின் புத்தகத்திலும் அதே எண்கள் இருக்கும்.

அடுத்து, ஏன் பத்து லட்சம்? முதல் கடிதம் இதைத் தொடவே இல்லை. படிப்பவருக்கு அது தண்டனைத் தொகை போலத் தோன்றும்: மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். உண்மையில் கணக்குப் பிரிவு ஒரு கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணுக்கு வந்தது. சென்ற ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத்தில் டீலர் வாங்கிய சரக்கு 60 லட்சம் ரூபாய்க்கு, அதாவது மாதம் சராசரி பத்து லட்சம். நாற்பத்தைந்து நாள் என்பது ஒன்றரை மாதம். பத்து லட்சத்துக்கு ஒன்றரை மாதம் என்றால் பதினைந்து லட்சம். பழைய வரம்பு அங்கிருந்து வந்தது. இந்த ஆண்டு அதே ஆறு மாதத்தில் வாங்கியது 36 லட்சம், மாதம் ஆறு லட்சம். ஒன்றரை மாதத்துக்கு ஒன்பது லட்சம். ஒரு பெரிய லோடு எடுக்க இடம் வேண்டும் என்று ஒரு லட்சம் கூட்டினால் பத்து லட்சம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், கடிதத்துக்கு வேண்டிய மிக நல்ல காரணம் கிடைக்கிறது. மாதம் ஆறு லட்சம் வாங்குகிறவருக்குப் பதினைந்து லட்சம் வரம்பு இருந்தால், அது எழுபத்தைந்து நாள் கடனுக்குச் சமம். தாளில் நாற்பத்தைந்து நாள் என்று எழுதியிருந்தாலும், சாப்ட்வேர் எழுபத்தைந்தாவது நாள் வரை பில்லை நிறுத்தாது. பழைய பில்கள் தூங்குவதற்கு இடம் கொடுத்தது அந்தப் பழைய வரம்பேதான். வாங்குதல் குறைந்தபோதே வரம்பையும் சரிசெய்திருந்தால் இவ்வளவு பாக்கி சேர்ந்திருக்காது. ‘உங்கள் ஒழுங்கு சரியில்லை’ என்று எழுதுவதற்கும் ‘இன்றைய வாங்குதலுக்கு இந்த வரம்பு பொருந்தவில்லை’ என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பணிவு மட்டுமல்ல. இரண்டாவதுதான் முழு உண்மை.

ஆனால் அந்த உண்மையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. வாங்குதல் குறைந்தது மட்டுமே காரணம் என்று எழுதிவிட்டு, தவணை கடந்த நான்கரை லட்சத்தைச் சொல்லாமல் விட்டால், டீலர் அடுத்த மாதம் பெரிய ஆர்டர் ஒன்றைக் கொடுத்து, ‘வாங்குதல் கூடிவிட்டதே, வரம்பை ஏற்றுங்கள்’ என்பார். அப்போது உண்மைக் காரணத்தைச் சொல்ல நேரும். முதலில் மறைத்தது அப்போது வெளிப்படும். இரண்டு காரணங்கள் இருந்தால் இரண்டையும், முடிவில் அவற்றுக்கு இருந்த எடைப்படி எழுத வேண்டும்.

எடை இல்லாதவற்றை எழுதக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. முதல் கடிதம் காசோலை திரும்பியதைச் சொல்கிறது. கணக்கைப் பார்த்தால், இரண்டு காசோலைகள் திரும்பின. ஒன்று கையெழுத்து மாறுபட்டதால், மற்றது பணம் போதாததால். இரண்டுக்கும் நான்கு நாளுக்குள் பணம் வந்துவிட்டது. பத்து லட்சம் என்ற எண்ணைக் கணக்கிட்டபோது இவை சேர்க்கப்படவில்லை. கணக்கில் பங்கு பெறாத ஒன்று கடிதத்தில் இருந்தால், அது காரணமாக இல்லை, குத்திக்காட்டலாகவே படும். காசோலைகள் திரும்பியதுதான் உண்மையில் முடிவை மாற்றியது என்றால், தேதியும் தொகையும் வங்கி சொன்ன காரணமும் பணம் பின்னர் வந்த நாளும் சேர்த்து எழுத வேண்டும். ‘காசோலைகளும் திரும்பியுள்ளன’ என்று மொட்டையாகச் சொல்வது, எத்தனை என்று படிப்பவரே பெருக்கிக்கொள்ள விடுவது. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவை நினைவூட்டும் வரிகளுக்கும் இங்கே இடமில்லை. அந்தச் சட்டப்படி அனுப்பும் நோட்டீஸ் வேறு ஆவணம். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த முப்பது நாளுக்குள், காசோலைத் தொகையைக் கேட்டு அனுப்ப வேண்டியது அது. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டுமே கெடும்.

ஊர்ப் பேச்சும் அப்படியே. மகனோடு பாகப்பிரிவினை நடக்கிறதாம், எதிர்க்கடையில் வேறு பிராண்டு இறக்கிவிட்டார்களாம், இன்னொரு கம்பெனிக்கும் பாக்கி வைத்திருக்கிறாராம் என்றெல்லாம் விற்பனை அதிகாரி சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். கடன் கொடுப்பவர் அதை மனதில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. கடிதத்தில் அதன் வாடைகூட வீசக்கூடாது. வாங்குதல் ஏன் குறைந்தது என்ற ஊகமும் வேண்டாம். குறைந்தது எவ்வளவு என்பது போதும். ஏன் என்பதை டீலர் விரும்பினால் அவரே சொல்வார்.

சில கம்பெனிகள் முகம் கொடுக்கத் தயங்கி, ‘எல்லா டீலர்களுக்கும் கடன் கொள்கை மாற்றப்பட்டுள்ளது’ என்று எழுதுகின்றன. கம்பெனியின் வங்கி அதன் நடைமுறை மூலதனக் கடனைக் குறைத்ததாலோ, பொதுவாகத் தவணையை இறுக்கியதாலோ உண்மையிலேயே எல்லோருக்கும் குறைந்திருந்தால், அப்படித்தான் எழுத வேண்டும். அதில் டீலர் மேல் எந்தக் குறையும் ஒட்டாது. ஒருவருக்கு மட்டும் குறைத்துவிட்டு அப்படி எழுதினால், அன்று மாலையே அவர் பக்கத்து ஊர் டீலருக்குப் போன் போட்டு விசாரித்துவிடுவார். நேரடியாகச் சொன்ன குறையைவிட, கண்டுபிடித்த பொய் அவரை அதிகம் காயப்படுத்தும்.

முதல் கடிதத்தில் நடைமுறையில் மிகவும் ஆபத்தான சொல் ‘உடனடியாக’ என்பது. நிற்கும் தொகை 13 லட்சத்துக்கு மேல், புதிய வரம்பு பத்து லட்சம். கடிதம் வந்த கணமே டீலர் மூன்று லட்சத்துக்கு மேல் வரம்பைத் தாண்டியவராகிவிடுகிறார். அன்று காலை கொடுத்த ஆர்டருக்குப் பில் விழாது. சரக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காண்டிராக்டருக்கு அவர் என்ன சொல்வார்? இதில் ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஏற்கெனவே போட்ட பில்களுக்கு நாற்பத்தைந்து நாள் தவணை கொடுத்தாகிவிட்டது. வரம்பைக் குறைப்பது இனி போடும் பில்களைக் கட்டுப்படுத்துமே தவிர, தவணை முடியாத பில்லுக்கு இப்போதே பணம் கேட்கும் உரிமையைத் தராது. ‘அதிகப்படியான தொகையை உடனே செலுத்தவும்’ என்ற வரி, தவணைக்குள் இருக்கும் பில்களுக்கும் பணம் கேட்பது போல ஆகிவிடுகிறது. கொடுத்த வாக்கைக் கம்பெனியே மீறுவதாக டீலர் நினைத்தால், அது தவறான வாசிப்பு என்று சொல்ல முடியாது.

இதைத் தீர்க்கக் குறைப்பைப் படிப்படியாக்க வேண்டும். செப்டம்பர் முழுக்கப் பழைய பதினைந்து லட்சமே தொடரலாம். அக்டோபர் 1 முதல் 13 லட்சம், நவம்பர் 1 முதல் பதினொன்றரை லட்சம், டிசம்பர் 1 முதல் பத்து லட்சம். தவணை கடந்த ரூ.4,56,000-ஐ இரண்டாகப் பிரித்து, செப்டம்பர் 25-இல் ரூ.2,28,000, அக்டோபர் 25-இல் ரூ.2,28,000 கட்டச் சொல்லலாம். புதிதாக வாங்குவதும் மற்றப் பில்களுக்குப் பணம் வருவதும் ஏறக்குறைய சமமாக ஓடினால், அக்டோபர் தொடக்கத்தில் நிற்கும் தொகை ரூ.10,88,000, அக்டோபர் முடிவில் ரூ.8,60,000. எந்த மாதத்திலும் அவர் வரம்பில் முட்ட மாட்டார், சரக்கும் நிற்காது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மோட்டார் வியாபாரம் மந்தமாக இருக்கும். குறைப்பு அந்தக் காலத்தில் நிறைவேறுவது டீலருக்கு வசதி. இதே முடிவைப் பிப்ரவரியில், கிணறுகள் வற்றத் தொடங்கும் நேரத்தில் எடுத்திருந்தால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

வரம்பு மறுபடி ஏற வழியுண்டா என்பது டீலர் கட்டாயம் கேட்கும் கேள்வி. ‘எதிர்காலத்தில் பரிசீலிக்கப்படும்’ என்பது பதில் ஆகாது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் தவணை கடந்த பில் இல்லாமல் முடிந்தால் பிப்ரவரி முதல் மே வரை சீசன் வரம்பு 13 லட்சம் என்று எழுதுவது பதில். ஆனால் உதாரணக் கணக்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பழைய பாக்கியே கட்டி முடிந்திருக்காது. ஆகவே நிபந்தனை நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கு என்று இருக்க வேண்டும். கடிதம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள்: நிறைவேற்றவே முடியாத நிபந்தனையை அறியாமலே வைத்துவிடுகிறார்கள். அதைவிட நிபந்தனை இல்லாமலே இருப்பது மேல்.

சட்டம் எவ்வளவு வர வேண்டும் என்பதில் அளவு வேண்டும். கம்பெனி உதயம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட தவணை நாற்பத்தைந்து நாளைத் தாண்டக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதை வருமான வரியோடு இணைத்தது: அந்தக் காலத்துக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டிக்கொள்ள முடியும். 2024-25 கணக்கிடும் ஆண்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. நடுத்தர நிறுவனத்திடமோ பெரிய நிறுவனத்திடமோ வாங்கிய சரக்குக்கு இந்த வரி விதி இல்லை. ஜி.எஸ்.டி.யில், சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். டீலரின் ஆடிட்டருக்கு இவையெல்லாம் தெரியும். கம்பெனிக்குப் பொருந்துமானால், ‘நாற்பத்தைந்து நாளுக்குள் முடிவது தங்கள் வரிக் கணக்குக்கும் உதவும்’ என்று ஒரு வரி எழுதலாம். பிரிவு எண்களை அடுக்கினால் கடிதம் வக்கீல் நோட்டீஸ் ஆகிவிடும்.

இவ்வளவையும் வைத்துத் திருத்திய கடிதம்:

“பொருள்: கடன் வரம்பு ரூ.15 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சமாக மாறுவது (அக்டோபர் 1 முதல் மூன்று கட்டமாக)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் கடையின் கடன் வரம்பை ரூ.15 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சமாகக் குறைக்கிறோம். அக்டோபர் 1 முதல் ரூ.13 லட்சம், நவம்பர் 1 முதல் ரூ.11.5 லட்சம், டிசம்பர் 1 முதல் ரூ.10 லட்சம் என்று இது படிப்படியாக நடக்கும். செப்டம்பர் மாதம் இப்போதுள்ள வரம்பே தொடரும். 45 நாள் தவணையிலும், தங்களுக்கான விலையிலும், ஸ்கீம்களிலும் மாற்றம் இல்லை.

இதற்குக் காரணங்கள் இரண்டு. சென்ற ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தாங்கள் மாதம் சராசரி ரூ.10 லட்சத்துக்கு வாங்கினீர்கள். அதற்கு 45 நாள் கணக்கில் ரூ.15 லட்சம் வரம்பு பொருந்தியது. இந்த ஆண்டு அதே மாதங்களில் சராசரி ரூ.6 லட்சம். அதற்கு ரூ.9 லட்சம் வருகிறது. லோடு எடுக்க வசதியாக ரூ.1 லட்சம் சேர்த்திருக்கிறோம். இரண்டாவது, ஆகஸ்ட் 31 அன்று நிற்கும் ரூ.13,16,000-இல் ரூ.4,56,000-க்கு 45 நாள் கடந்துவிட்டது. பில் வாரியான பட்டியல் இணைப்பில் உள்ளது. வாரண்டி மோட்டார்களுக்கு நாங்கள் தர வேண்டியிருந்த ரூ.64,000-க்கான கிரெடிட் நோட்டைத் தாமதமாகப் போட்டதற்கு வருந்துகிறோம். மேற்கண்ட தொகைகள் அதைக் கழித்த பிறகு வந்தவை.

தவணை கடந்த தொகையில் ரூ.2,28,000-ஐச் செப்டம்பர் 25-க்குள்ளும், மீதி ரூ.2,28,000-ஐ அக்டோபர் 25-க்குள்ளும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். தவணைக்குள் இருக்கும் பில்களுக்கு அவற்றின் தேதிப்படி அனுப்பினால் போதும். கையில் உள்ள ஆர்டர்கள் வழக்கம்போல அனுப்பப்படும்.

பத்தொன்பது ஆண்டுகளில் தங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட வராக்கடனாக எழுதப்பட்டதில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் 45 நாளைக் கடந்த பில் இல்லாமல் இருந்தால், பிப்ரவரி முதல் மே வரை சீசனுக்கு வரம்பு ரூ.13 லட்சமாக உயர்த்தப்படும். வாங்குதல் கூடினால் அதே 45 நாள் கணக்கின்படி நிலையான வரம்பையும் ஏற்றலாம்.

பட்டியலில் ஏதேனும் பில் தங்கள் புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால், செப்டம்பர் 15-க்குள் என்னிடம் நேரடியாகச் சொல்லுங்கள். சரிபார்த்து, தொகை மாறினால் கடிதத்தையும் மாற்றி அனுப்புகிறோம்.”

கீழே கடன் பிரிவுத் தலைவரின் பெயர், கையெழுத்து, அவருடைய சொந்த அலுவலக எண். ‘நிர்வாகம் முடிவு செய்துள்ளது’ என்ற முகமற்ற எழுவாய் போய்விட்டது.

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதியது நான்கு மடங்குக்கு மேல் நீளம். அந்த நீளத்தில் இனிப்பு கொஞ்சம்தான். பத்தொன்பது ஆண்டு உறவு பற்றி ஒரே வாக்கியம். அதுவும் இரு தரப்பும் புத்தகத்தில் பார்க்கக்கூடிய செய்தி, கடிதத்தின் நான்காம் பத்தியில். ‘எங்கள் குடும்பத்தின் ஒரு அங்கமான தாங்கள்’ என்று தொடங்கும் கடிதங்களைப் பார்த்துப் பழகிய டீலர், முதல் வரியிலேயே ஏதோ கெட்ட செய்தி வருகிறது என்று புரிந்துகொள்கிறார். புகழ்ச்சி முடியும் வரை பொறுமையில்லாமல் கண்ணை ஓட்டுகிறார். அதிலும் சிலவற்றில் வரம்பு குறைந்தது மூன்றாம் பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கும். படித்து முடித்து ஆர்டர் போட்டு, பில் விழாதபோதுதான் அவருக்குத் தெரியவரும். மரியாதைக்காக மறைத்தது கடைசியில் ஏமாற்றியதாகிவிடுகிறது.

சிறு சொற்களிலும் வேலை இருக்கிறது. ‘தாங்கள் செலுத்தத் தவறிய’ என்பதற்குப் பதில் ‘45 நாள் கடந்த’ என்று எழுதும்போது வாக்கியத்தின் எழுவாய் டீலரிலிருந்து பில்லுக்கு மாறுகிறது. ஆனால் கம்பெனியின் முடிவையும் தாமதத்தையும் சொல்லும் இடத்தில் ‘நாங்கள்’ மறையக்கூடாது. ‘குறைக்கிறோம்’, ‘வருந்துகிறோம்’ என்று ஆள் தெரிய நிற்க வேண்டும். பழைய அலுவலக நடை இதை நேர்மாறாகச் செய்து பழகியது: டீலர் தவறினார், வரம்பு குறைக்கப்பட்டது.

கடிதம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அதன் சொற்களில் பாதியை அழித்துவிடக்கூடியது. ஏரியா மேனேஜர் ஓரிரு நாள் முன்பே கடைக்குப் போய், கூட்டமில்லாத நேரத்தில், பில் பட்டியலோடு உட்கார்ந்து பேச வேண்டும். கல்லாவில் வேலைக்காரர்கள் முன்னிலையில் பேசினால், கடிதத்தின் பணிவு வீண். மேனேஜர் நேரில் சொல்வதும் கடிதம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘எனக்கு இஷ்டமில்லை ஐயா, ஹெட் ஆபீஸ்காரன் பண்ணிட்டான்’ என்று அவர் நழுவினால், கடிதத்தில் கவனமாக அடுக்கிய காரணமெல்லாம் பொய்யாகிவிடும். டீலர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. தேதியையும் பார்க்க வேண்டும்: ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் கடைக்கு, அந்த வாரமே கணக்கைப் பற்றிய கெட்ட செய்தியை அனுப்ப வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கவனித்துச் செய்துவிட்டு, கணினியில் வரம்பை அன்றே பத்து லட்சமாக மாற்றிவிடுவது அலுவலகங்களில் சாதாரணமாக நடக்கும் விபத்து. கடிதம் அக்டோபர் 13 லட்சம் என்கிறது. சாப்ட்வேர் செப்டம்பரிலேயே பூட்டிவிடுகிறது. மூன்று தேதிகளையும் மூன்று தொகைகளையும் கடிதம் அனுப்புவதற்கு முன்பே அமைப்பில் பதிந்து, பில்லிங் பிரிவுக்கும் டிஸ்பேட்ச் பிரிவுக்கும் நகல் கொடுக்க வேண்டும். பிப்ரவரி சீசன் வரம்புக்கும் அப்போதே நினைவூட்டல் வைத்துவிட வேண்டும். டீலர் நிபந்தனையை நிறைவேற்றிய பிறகு அவரே போன் போட்டுக் கேட்கும்படி விட்டால், வாக்குறுதி சும்மா எழுதியது என்று ஆகிவிடும்.

கடிதம் தன் வேலையைச் செய்ததா என்று டீலரின் முதல் பதிலிலேயே தெரியும். ‘நான் என்ன தப்புப் பண்ணினேன்?’ என்று கேட்டால், காரணம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ‘பட்டியலில் நான்காவது பில்லுக்கு ஜூலையிலேயே பணம் அனுப்பிட்டேனே, எந்தக் கணக்கில் வரவு வெச்சீங்க?’ என்று கேட்டால், அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார். கோபம் இருக்கலாம், பேச்சு பில்லைப் பற்றியதாக இருக்கிறது. அந்தக் கேள்வி சரியாக இருந்து, ஏதோ ஒரு வங்கிப் பரிமாற்றம் வேறு டீலர் கணக்கில் வரவாகியிருந்தால், கம்பெனி அதைத் திருத்தி, மாறிய தொகைகளோடு புதிய கடிதம் அனுப்ப வேண்டும். போனில் ‘சரி பண்ணிட்டோம்’ என்றால் போதாது. பழைய கடிதத்தில் தவறான எண் அவர் கோப்பில் நிற்கும், வங்கிக்காரரோ ஆடிட்டரோ அதைப் பார்க்கக்கூடும்.

ஆட்சேபம் எதுவும் வராமல், செப்டம்பர் 25 தாண்டியும் முதல் தவணை வராவிட்டால், அடுத்து எழுதுவது வேறு கடிதம். அதில் வரம்புக் கணக்கைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தொகை, எந்தத் தேதி, எப்போது முதல் சரக்கு நிற்கும் என்ற மூன்று செய்திகள் போதும். முதல் கடிதத்தில் காரணங்கள் எண்ணோடு சொல்லப்பட்டு, டீலர் அவற்றை மறுக்காமல் இருந்திருந்தால், இந்த இரண்டாவது கடிதத்தை ஐந்து வரியில் முடித்துவிடலாம்.